மொழியணியை எங்கே வெட்டுவது? தமிழ் ஆவணத் தேடலில் ஆசிரியரின் பங்கு



நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினிகளில் பாடக்குறிப்புகள், பயிற்றிகள், சுற்றறிக்கைகள், ஆண்டு மலர்கள் எனப் பல்லாண்டு உழைப்பு குவிந்து கிடக்கின்றது. ஒரு கேள்வியைத் தமிழில் தட்டச்சு செய்தால் அதற்குரிய பகுதியை மட்டும் எடுத்து நீட்டும் தேடல் முறையை இன்று ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே, கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள்களைக் கொண்டு அமைத்துவிடலாம். அவ்வாறு அமைக்க முனைவோர் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. கோப்புகளைத் திரட்டிக் கணினி தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, விடை வரும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். இப்பழக்கம் சரியன்று என்பதே என் கருத்து. ஆவணத்தை எங்கே வெட்டுவது, எந்த மாதிரியமைப்பு தமிழை அறியும் என்னும் இரண்டு முடிவுகளும் தமிழாசிரியரின் மேசையில் எடுக்கப்பட வேண்டியவை. ஏன் என்பதைச் செய்யுளும் மொழியணியும் குறித்த நம் குறிப்புகளையே சான்றாக வைத்து விளக்குகிறேன்.

தேடல் எப்படி நடக்கின்றது?

முதலில் ஆவணம் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றது. ஒவ்வொரு துண்டையும் 'எம்பெடிங்' மாதிரியமைப்பு ஒன்று படித்து, அதன் பொருளை எண்களின் வரிசையாக மாற்றுகின்றது. 384, 768, 1024 எண்கள் என மாதிரியமைப்புக்கு ஏற்ப வரிசையின் நீளம் மாறும். நாம் கேட்கும் கேள்வியும் அதே முறையில் எண்வரிசையாகின்றது. கேள்வியின் வரிசைக்கு எந்தத் துண்டின் வரிசை மிக நெருங்கி நிற்கின்றதோ, அத்துண்டு முதலில் வந்து நிற்கும்.

சொல்லை அப்படியே தேடும் பழைய முறை போதாதா என்று கேட்கலாம். தமிழுக்குப் போதாது. மாணவன் 'வீடு' என்று தேடுகிறான். குறிப்பில் 'வீட்டிற்கு' என்று இருக்கின்றது. 'மரம்' என்று தேடுகிறான். குறிப்பில் 'மரத்தில்' என்று இருக்கின்றது. வேற்றுமை உருபு சேரும்போது பெயர்ச்சொல்லே உருமாறுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இவ்விரண்டையும் தவறவிடும். பொருள் வழித் தேடல் இந்த இடைவெளியை நிரப்புகின்றது. ஆயினும், மாதிரியமைப்பு தமிழைக் கற்றிருந்தால்தான் இது நடக்கும்.

பன்மொழி என்றால் தமிழும் உண்டா?

இங்குதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கின்றது. இணையத்தில் உள்ள வழிகாட்டிகள் பலவும் `all-MiniLM-L6-v2` என்னும் சிறிய மாதிரியமைப்பைக் கொண்டே தொடங்குகின்றன. அது ஆங்கிலத்திற்காக உருவாக்கப்பட்டது. தமிழ் வரியைக் கொடுத்தாலும் பிழைச்செய்தி எதுவும் காட்டாது, எண்களைத் தந்துவிடும். ஆனால், உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஐரோப்பிய எழுத்துகளின் மேலுள்ள ஒலிக்குறிகளை நீக்குவதற்காக அதில் ஒரு வழிமுறை உண்டு. அவ்வழிமுறை நம் புள்ளியையும் ஈகாரக் குறியையும் அதே வகை ஒலிக்குறியாக எண்ணி நீக்கிவிடுகின்றது. 'மீன்' என்பது 'மன' ஆகின்றது. 'நீர்' என்பது 'நர' ஆகின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத மாணவனுக்கு நாம் மதிப்பெண் குறைப்போம். புள்ளி முழுவதையும் துடைத்தெறியும் கருவியிடம் ஆண்டு மலரை ஒப்படைப்பது முறையாகுமா?

'பன்மொழி' என்னும் பெயரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். `paraphrase-multilingual-MiniLM-L12-v2` என்பது ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கானது. அதன் மொழிப்பட்டியலில் மலாய், இந்தி, மராத்தி, குசராத்தி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. மலாய் ஆவணங்களுக்கு நன்கு உழைத்த ஒன்று தமிழுக்கும் உழைக்கும் என்று கருதிவிட இடமுள்ளதால், பட்டியலைத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது.

தமிழ் உரைகளையும் கொண்டு பயிற்றப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை `multilingual-e5` வரிசையும் `BGE-M3` என்பதும் ஆகும். முன்னதில் ஒரு நுட்பம் உண்டு. துண்டுகளின் முன்னால் `passage: ` என்றும் கேள்வியின் முன்னால் `query: ` என்றும் சேர்த்தே அனுப்ப வேண்டும். சேர்க்காவிட்டாலும் கருவி இயங்கும். ஆனால், தேடலின் தரம் சத்தமின்றிக் குறையும். மேலும், இம்மாதிரியமைப்பு தரும் நெருக்க மதிப்பெண்கள் பொதுவாக 0.7க்கு மேலேயே இருக்கும். எனவே, '0.7 வந்துவிட்டது, ஆகவே பொருந்துகின்றது' என்று முடிவு கட்டக்கூடாது. எந்தத் துண்டு முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்னும் வரிசையையே பார்க்க வேண்டும்.

மாதிரியமைப்பைச் சோதிக்க நீண்ட ஆய்வு தேவையில்லை; மூன்று வாக்கியங்கள் போதும்.

1. அவன் யாருக்கும் தெரியாமல் நழுவிவிட்டான்.
2. அவன் கம்பி நீட்டிவிட்டான்.
3. அவன் கம்பியை நீட்டி வளைத்தான்.

இரண்டாவது வாக்கியத்திற்கு மிக நெருக்கமானது எது என்று கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் முதல் வாக்கியத்தைக் காட்டுவார்கள். மாதிரியமைப்போ சொல் ஒற்றுமையில் மயங்கி மூன்றாவதைக் காட்டக்கூடும். மரபுத்தொடரின் பொருள் அதன் சொற்களுக்குள் இல்லை. மக்கள் வழக்கில் இருக்கின்றது. அந்த வழக்கைத் தமிழ் உரை போதிய அளவு படிக்காத கருவி அறியாது. இந்தக் குறையைக் கருவியை மாற்றி முழுமையாகத் தீர்க்க இயலாது. வெட்டும் முறையால் பெருமளவு தீர்க்கலாம்.

ஐந்நூறு என்னும் அளவுகோல்

துண்டின் அளவுக்கு வழிகாட்டிகள் சொல்லும் எண்கள் 500, 1000 என்பன. எதனுடைய ஐந்நூறு? சில கருவிகள் எழுத்துகளை எண்ணும். சில டோக்கன்களை எண்ணும். கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. 'கற்றுக்கொள்கிறார்கள்' என்னும் சொல்லில் நமக்கு 11 எழுத்துகள். ஒருங்குறி முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலால் கணினிக்கு அது 20. ஆங்கில உரையில் ஒரு பெரிய பத்தியை அடக்கும் அளவு, தமிழில் அதைவிடக் குறைந்த செய்தியையே அடக்கும்.

டோக்கன் கணக்கோ கருவிக்குக் கருவி மாறும். 2024 மே மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய சொல்வெட்டியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே தமிழ் வாக்கியத்திற்கு முன்பு 116 டோக்கன்கள் தேவைப்பட்டன, இப்போது 35 போதும் என்று எடுத்துக்காட்டியது. ஆனால், அதே நிறுவனத்தின் `text-embedding-3` வகை எம்பெடிங்குகள் அந்தப் பழைய சொல்வெட்டியையே பயன்படுத்துகின்றன. ஆகவே, யாரோ சொன்ன ஐந்நூறை எடுத்துக்கொள்ளாமல், நாம் பயன்படுத்தும் கருவியைக் கொண்டே எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று வரிகள் போதும்.

```python
from transformers import AutoTokenizer
t = AutoTokenizer.from_pretrained("intfloat/multilingual-e5-base")
print(len(t("passage: " + text)["input_ids"]))
```

இந்த எண் 512ஐத் தாண்டினால், மிகுதி உரையை மாதிரியமைப்பு படிப்பதேயில்லை. தேடல் அமைக்கப் பயன்படும் நிரல்கள் பெரும்பாலும் எச்சரிக்கையின்றி வாலை நறுக்கிவிடும். இது நடக்கின்றதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு நீண்ட துண்டின் கடைசி வாக்கியத்தை அப்படியே கேள்வியாகக் கொடுத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தைக் கொடுத்தால் துண்டு வருகின்றது, கடைசி வாக்கியத்தைக் கொடுத்தால் வரவில்லை எனில், வால் நறுக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

ஒரு பக்கத்தை வெட்டிப் பார்ப்போம்

மரபுத்தொடர்க் குறிப்பின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் உச்சியில் 'மரபுத்தொடர்' என்று தலைப்பு உள்ளது. அதன் கீழ் வரிசையாகப் பத்துத் தொடர்கள். ஒவ்வொன்றும் பின்வருமாறு அமைந்திருக்கும்:

கம்பி நீட்டுதல்
பொருள்: யாருக்கும் தெரியாமல் நழுவிச் செல்லுதல்.
வாக்கியம்: காவலரைக் கண்டதும் திருடன் கம்பி நீட்டினான்.

கணினிக் கணக்கில் இந்தப் பதிவு, அடுத்து வரும் வெற்றுவரியையும் சேர்த்து, 120 எழுத்துகள். மற்றத் தொடர்களும் ஏறத்தாழ இதே நீளம் என்று கொள்வோம். 500 எழுத்துக்கு ஒரு வெட்டு என்று வைத்தால், நான்கு பதிவுகள் 480 எழுத்தில் முடிகின்றன. எஞ்சியது 20 எழுத்து. நம் 'கம்பி நீட்டுதல்' ஐந்தாவது பதிவாக இருந்தால், தொடரும் 'பொருள்' என்னும் சொல்லின் தொடக்கமும் முதல் துண்டில் நின்றுவிடும். 'யாருக்கும் தெரியாமல் நழுவிச் செல்லுதல்' என்னும் விளக்கம் இரண்டாம் துண்டுக்குப் போய்விடும். ஒரு மாணவி 'யாருக்கும் தெரியாமல் ஓடிப்போவதைக் குறிக்கும் மரபுத்தொடர் எது?' என்று கேட்டால், விளக்கமுள்ள துண்டு வரலாம். ஆனால், அதன் தலையில் தொடர் இல்லை. வெட்டு இன்னும் கொடுமையாக ஒரு சொல்லின் நடுவிலும் விழலாம். உயிர்க்குறியில் தொடங்கும் துண்டு திரையில் புள்ளி வட்டத்தோடு ◌ காட்சி தருவதைக் கொண்டு அதனைக் கண்டறியலாம்.

இதற்கு மாற்றாக, அடுத்தடுத்த துண்டுகள் 50 எழுத்து ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வெட்டச் சொல்வார்கள். அப்போது இரண்டாம் துண்டு 450ஆம் எழுத்தில் தொடங்கும். ஐந்தாம் பதிவு அதில் முழுமையாக இருக்கும். கிழிசல் தைக்கப்பட்டது உண்மைதான். ஆயினும், அத்துண்டில் வேறு மூன்று தொடர்களின் பொருளும் கலந்து நிற்கின்றது. ஒரு துண்டுக்கு ஓர் எண்வரிசைதான். நழுவுதல், புகழ்தல், ஏமாற்றுதல், சோம்பியிருத்தல் ஆகிய நான்கும் ஒரே வரிசைக்குள் அடைக்கப்பட்டால், அது நான்கில் எதையும் தெளிவாகக் குறிக்காது. 'ஏதோ மரபுத்தொடர்ப் பட்டியல்' என்பதைத்தான் குறிக்கும். எந்தத் தொடரைக் கேட்டாலும் ஒரே பக்கமே வந்து நின்றால், காரணம் இதுவே என்று கொள்ளுங்கள்.

'புதிய மாதிரியமைப்புகள் 8192 டோக்கன் வரை ஏற்கின்றனவே, பக்கத்தையே முழுதாகக் கொடுத்தால் என்ன?' என்று சிலர் வாதிடுவர். `BGE-M3` அவ்வளவு ஏற்பது உண்மை. ஏற்பது வேறு; பிரித்துணர்வது வேறு. நீண்ட கட்டுரை ஒரே பொருளைப் பற்றியது என்றால் பெரிய துண்டு தகும். பட்டியலுக்கு அது தகாது.

சரியான வெட்டு எளிது: ஒரு பதிவு, ஒரு துண்டு. அத்துடன் பக்கத்தின் உச்சியில் ஒருமுறை மட்டும் வந்த தலைப்பை ஒவ்வொரு துண்டின் தலையிலும் மீண்டும் எழுத வேண்டும். 'மரபுத்தொடர்' என்னும் சொல்லும் எந்த ஆண்டு மாணவர்க்குரியது என்னும் குறிப்பும் அதில் இருக்கட்டும். தொடர், பொருள், வாக்கியம் மூன்றும் ஒன்றாக நிற்பதால், கருவி மரபு வழக்கை அறியாவிட்டாலும் 'பொருள்' வரியின் வழியே சரியான இடத்தை அடைந்துவிடும். முன்பு சொன்ன குறை இவ்வாறே தீர்கின்றது. திருக்குறளுக்கும் இதே நெறிதான். குறளையும் அதன் உரையையும் பிரித்தால், இன்றைய தமிழில் கேட்கப்படும் கேள்வி பழந்தமிழ் அடிகளைச் சென்று சேர்வது அரிது.

சுற்றறிக்கைக்கு வேறு அளவு வேண்டும். எண்ணிட்ட கூறு ஒவ்வொன்றும் ஒரு துண்டாகலாம். ஆனால், சுற்றறிக்கையின் தலைப்பும் நாளும் ஒவ்வொன்றிலும் இடம்பெற வேண்டும். ஆண்டு மலர்க் கட்டுரைக்கு ஒரு பத்தியோ இரண்டு பத்திகளோ போதும். சிறிய துண்டைக் கொண்டு தேடி, அது கிடைத்தபின் அதைச் சுற்றியுள்ள முழுப் பகுதியையும் வாசகருக்குக் காட்டுவது நல்ல முறை. இந்த மூன்று வகைக்கும் மூன்று வெட்டு வேண்டும் என்பதை ஆவணத்தைப் படித்தவரே சொல்ல முடியும்.

சொல் தேடலையும் கைவிடலாகாது

பொருள் வழித் தேடல் பெயர்களிலும் எண்களிலும் தடுமாறும். குறிப்பிட்ட ஒரு பயிற்றியின் எண்ணையோ நூலின் பெயரையோ கேட்டால், அது போன்ற வேறொன்றைத் தரும். ஆதலால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலையும் உடன் நடத்தி, இரண்டின் முடிவுகளையும் இணைப்பதே சிறந்தது. இங்கும் புள்ளியின் சிக்கல் தலைகாட்டும். பைத்தான் மொழியில் சொற்களைப் பிரிக்க வழக்கமாக எழுதப்படும் `\w+` என்னும் வாய்பாடு, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை.

```python
import re
re.findall(r"\w+", "தமிழ்")               # ['தம', 'ழ']
re.findall(r"[\u0B80-\u0BFF]+", "தமிழ்")  # ['தமிழ்']
```

முதல் வரி 'தமிழ்' என்பதையே இரண்டாக உடைக்கின்றது. இரண்டாம் வரியில் தமிழுக்குரிய ஒருங்குறி எல்லையை நாமே வரையறுத்திருப்பதால் சொல் முழுமையாக நிற்கின்றது. உங்கள் நண்பர் அமைத்த தேடல் ஒற்றை எழுத்துகளுக்கெல்லாம் விடை தருகின்றது என்றால், இந்த வரியைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் தமிழாகத் தோன்றினாலும், உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கும். ஒருங்குறிக்கு மாற்றாமல் இவற்றைச் சேர்த்தால், எந்த மாதிரியமைப்பாலும் பயனில்லை. வெட்டுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

முப்பது கேள்விகள்

அமைத்த முறை நன்றா என்று எப்படித் தீர்மானிப்பது? இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துத் தலையசைப்பது சோதனையாகாது. ஆசிரியர்கள் கூடி முப்பது கேள்விகளை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் உரிய துண்டு எது என்றும் முன்கூட்டியே குறித்து வைக்கட்டும். அம்முப்பதையும் கேட்டு, உரிய துண்டு முதல் ஐந்து இடங்களுக்குள் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். பிறகு வெட்டும் முறையை மட்டும் மாற்றி மீண்டும் எண்ணுங்கள். அதன்பின் மாதிரியமைப்பை மட்டும் மாற்றி எண்ணுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

கேள்விகள் ஆவணத்தின் சொற்களையே திருப்பிக் கேட்பவையாக இருக்கக்கூடாது. குறிப்பில் 'நழுவிச் செல்லுதல்' என்று இருந்தால், கேள்வியில் 'ஓடிப்போதல்' என்று வரட்டும். மாணவர் எப்படிக் கேட்பார், பெற்றோர் எப்படிக் கேட்பார் என்பதை அறிந்தவர் ஆசிரியரே. விடை கிடைக்கவே கூடாத கேள்விகள் சிலவற்றையும் சேருங்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. 'ஆறாம் ஆண்டுத் தேர்வு எப்போது?' என்று ஒரு பெற்றோர் கேட்டால், பழைய சுற்றறிக்கை பொருளால் மிக நெருங்கியிருப்பதால் முதலில் வந்து நிற்கும். எண்வரிசைக்கு எது பழையது, எது நடப்பது என்று தெரியாது. நாளைத் தனிப் புலமாகக் குறித்து வைத்து, பழையவற்றை வடிகட்டுவதே இதற்குத் தீர்வு.

தொகுத்துச் சொன்னால், கணினி வல்லுநருக்கு நிரல் தெரியும். 'கம்பி நீட்டுதல்' என்பதற்கும் அதன் பொருளுக்கும் இடையில் கோடு கிழிக்கக்கூடாது என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே, உங்கள் பள்ளியில் இத்தகைய முயற்சி தொடங்கினால், கோப்புகளை ஒப்படைக்கும் முன் மூன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு வகை ஆவணத்திலிருந்தும் ஒரு பக்கத்தை அச்சிட்டு, வெட்ட வேண்டிய இடங்களைச் சிவப்பு மையால் குறித்துக் கொடுங்கள். மாதிரியமைப்பின் மொழிப்பட்டியலில் தமிழ் உண்டா என்று கேளுங்கள். முப்பது கேள்விகளை எழுதிக் கையில் வைத்திருங்கள்.

இதில் மாற்றுக் கருத்துடையோரும், தங்கள் பள்ளியில் வேறு வகையில் வெட்டிப் பயன் கண்டோரும் மறுமொழியில் எழுதுங்கள். சுற்றறிக்கைகளைப் பொறுத்தவரை கூறுவாரியாக வெட்டுவதா, முழுதாக வைப்பதா என்பதில் உங்கள் பட்டறிவை அறிய ஆவலாய் உள்ளேன்.